சீன எழுத்து குழம்பும் இடம்



சீன மொழி தெரிந்த ஒருவருக்கு நண்பர் ஒரு கோப்பை அனுப்புகிறார். திறந்ததும் திரையில் இப்படி வருகிறது:

浣犲ソ

முதல் இரண்டும் சீன எழுத்துகள்தாம். ஆனால் அன்றாடச் செய்தித்தாளில் அவற்றைக் காண்பது அரிது. மூன்றாவது சீனமே இல்லை, ஜப்பானியக் கதகானாவில் 'ஸோ' என்னும் எழுத்து. இந்த மூன்றும் சேர்ந்து எந்தப் பொருளும் தருவதில்லை. நண்பர் எழுதி அனுப்பியதோ 你好, 'நி ஹாவ்', அதாவது வணக்கம். எழுதியவை இரண்டு, வந்தவை மூன்று, அதிலும் ஒன்று பக்கத்து நாட்டு எழுத்து. சீனர்கள் இப்படிக் குழம்பிய எழுத்தை 'லுவான்மா' என்பார்கள். இது எங்கே, எந்தப் படியில் நேர்கிறது, நேர்ந்தபின் எதுவரை மீட்கலாம் என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேலே கண்ட கோப்பில் எதுவும் கெட்டுப்போகவில்லை. நண்பர் அனுப்பிய ஆறு பைட்டும் அப்படியே இருக்கின்றன. அவற்றைப் படித்த மென்பொருள் வேறொரு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு படித்திருக்கிறது, அவ்வளவே. கோப்பு கெடுவது அதற்கு அடுத்த படியில்தான். தவறாகப் படித்ததை யாராவது சேமிக்கும்போது கெடுகிறது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் மீட்கக்கூடிய கோப்பைப் பலர் அழித்துவிடுகிறார்கள், மீட்க முடியாத கோப்போடு பலர் நாள்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள்.

சாதாரண உரைக் கோப்பு ஒன்றில் எழுத்து என்று எதுவும் கிடையாது. இருப்பவை பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் 0 முதல் 255 வரை உள்ள ஓர் எண். கணினிக்காரர்கள் அதைப் பதினாறடிமானத்தில் இரண்டு இலக்கமாக, 00 முதல் FF வரை எழுதுவார்கள். நானும் இன்று அப்படியே எழுதுகிறேன். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதைச் சொல்லும் அட்டவணை கோப்புக்கு வெளியே இருக்கிறது. எந்த அட்டவணையைப் பார்த்து எழுதினார்கள் என்ற குறிப்பு பெரும்பாலான உரைக் கோப்புகளில் இருப்பதில்லை. ஒரே எண்ணை இரண்டு ஊர்களின் தொலைபேசிப் புத்தகங்களில் தேடினால் இரண்டு வெவ்வேறு ஆள்கள் கிடைப்பார்கள் அல்லவா, அதுதான் இங்கும்.

00 முதல் 7F வரை உள்ள முதல் 128 எண்களில் சிக்கல் இல்லை. ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் நிறுத்தக்குறிகளும் அங்கே இருக்கின்றன. நாம் இன்று பேசப்போகும் அட்டவணைகள் எல்லாம் அந்தப் பகுதியில் ஒத்துப்போகின்றன. மேல்பாதியில் உள்ள 128 இடங்களுக்குத்தான் போட்டி. தமிழுக்கு அந்த 128 இடமே போதுமானதாக இருந்தது. திஸ்கி, டேப் போன்ற நம்முடைய பழைய குறியேற்றங்கள் அந்த மேல்பாதியில்தான் உட்கார்ந்திருந்தன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் காலத்துத் தமிழ்க் கோப்பைத் திறந்தவர்களுக்கு, தலையில் புள்ளியும் கோடும் சூடிய ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வந்தது நினைவிருக்கும். சீனத்தின் நிலை வேறு. அங்கே ஆயிரக்கணக்கில் எழுத்துகள், ஒரு பைட்டுக்குள் அடங்காதவை. ஆகவே ஓர் எழுத்துக்கு இரண்டு பைட் என்று வைத்தார்கள்.

சீன அரசு 1980-இல் ஜிபி 2312 என்ற தரத்தை வெளியிட்டது. அதை 94 வரிசையும் 94 நிரலும் கொண்ட ஒரு கட்டமாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதில் 6,763 சீன எழுத்துகளை வைத்தார்கள். அதிகம் புழங்கும் 3,755 எழுத்துகள் ஒலிப்பு வரிசையில் முன்னால், குறைவாகப் புழங்கும் 3,008 எழுத்துகள் வடிவ உறுப்பு வரிசையில் பின்னால். 中 என்ற எழுத்து 54-ஆம் வரிசையில் 48-ஆவது இடத்தில் இருக்கிறது. 54 என்பது பதினாறடிமானத்தில் 36, 48 என்பது 30. கணினியில் எழுதும்போது இரண்டோடும் A0 என்ற எண்ணைக் கூட்டினார்கள். 36 D6 ஆகிறது, 30 D0 ஆகிறது. 中 என்பதற்குக் கோப்பில் D6 D0 என்று இரண்டு பைட். A0-வைக் கூட்டியதன் நோக்கம், இரண்டு பைட்டும் மேல்பாதிக்குப் போய்விடுவது. அப்போது கீழ்ப்பாதியிலுள்ள ஆங்கிலத்தோடு மோதல் வராது. நேர்த்தியான ஏற்பாடு என்றே சொல்வேன்.

ஆனால் 6,763 எழுத்து போதவில்லை. ஆள்பெயர்களிலும் ஊர்ப்பெயர்களிலும் பட்டியலில் இல்லாத எழுத்துகள் வந்தபடி இருந்தன. எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு, 1998 முதல் 2003 வரை சீனப் பிரதமராக இருந்த ஜூ ரோங்ஜி. அவருடைய பெயரின் நடு எழுத்தான 镕 ஜிபி 2312 அட்டவணையில் கிடையாது. பின்னாளில் நாட்டின் பிரதமரானவரின் பெயரையே நாட்டின் தரப்படி எழுத முடியாத நிலை.

1995-இல் வந்த ஜிபிகே இந்தக் குறையைத் தீர்த்தது. பழைய அட்டவணையில் இருந்த எதையும் நகர்த்தவில்லை. 中 அதே D6 D0-தான். பழைய கட்டத்தைச் சுற்றியிருந்த வெற்றிடங்களைப் புதிய எழுத்துகளால் நிரப்பி, மொத்தம் 21,003 சீன எழுத்துகளைக் கொண்டுவந்தார்கள். விண்டோஸில் சீனத்துக்கான 936-ஆம் குறிப்பக்கம் நடைமுறையில் இதுதான். இடம் தேடும்போது ஒரு விட்டுக்கொடுப்பையும் செய்தார்கள். முதல் பைட் 81 முதல் FE வரை, மேல்பாதியிலேயே நிற்கிறது. இரண்டாவது பைட்டோ 40 வரை கீழே இறங்கலாம். 40-இலிருந்து 7E வரை உள்ள பகுதியில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, பின்சாய்வுக்கோடு எல்லாம் இருக்கின்றன. ஆகவே ஜிபிகே கோப்பின் நடுவில் 69 என்ற பைட்டைக் கண்டால், அது ஆங்கில i ஆகவும் இருக்கலாம், ஒரு சீன எழுத்தின் பிற்பாதியாகவும் இருக்கலாம். முன்னால் இருப்பதைப் பார்த்தால்தான் தெரியும். அதன் முன்னால் இருப்பதைத் தெரிந்துகொள்ள அதற்கும் முன்னால் போகவேண்டும். இந்த விட்டுக்கொடுப்பு என்ன விலை கேட்கிறது என்பதைப் பிறகு காட்டுகிறேன்.

இப்போது யூனிகோடுக்கு வருவோம். ஜிபிகேயில் எழுத்துகள் குறைவு, யூனிகோடில் அதிகம் என்று சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். அது உண்மைதான், ஆனால் அடிப்படை வேறுபாடு அதுவன்று. ஜிபிகேயில் எழுத்தின் எண்ணும் கோப்பில் விழும் பைட்டும் ஒன்றே. யூனிகோட் அந்த இரண்டையும் பிரித்துவிட்டது. முதல் படியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியெண். 你 என்பதற்கு U+4F60, தமிழ் அகரத்துக்கு U+0B85. உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் ஒரே பட்டியல். அந்தக் குறியெண்ணைக் கோப்பில் எப்படி எழுதுவது என்பது இரண்டாவது படி. அதற்குப் பல வழிகள் உண்டு. இன்று பெரும்பாலும் புழங்குவது யூடிஎஃப்-8. கென் தாம்ஸனும் ராப் பைக்கும் 1992-இல் வடிவமைத்தது.

யூடிஎஃப்-8-இன் சிறப்பு, பைட்டைப் பார்த்த மாத்திரத்தில் அதன் வேலை என்ன என்று தெரிந்துவிடுவது. 0 என்ற பிட்டில் தொடங்கினால் தனித்து நிற்கும் ஆங்கில எழுத்து. 110 என்று தொடங்கினால் இரண்டு பைட் எழுத்தின் தலை. 1110 என்று தொடங்கினால் மூன்று பைட் எழுத்தின் தலை. 10 என்று தொடங்கினால் தொடரும் பைட், அது ஒருபோதும் தலையாக நிற்காது. புழக்கத்திலுள்ள சீன எழுத்துகளும் நம் தமிழ் எழுத்துகளும் மூன்று பைட் வகை. 你 என்பதன் குறியெண் 4F60-ஐப் பதினாறு பிட்டாக விரித்து, 4, 6, 6 என்று மூன்று துண்டாக்கி, முன்னால் 1110, 10, 10 என்று ஒட்டினால் கிடைப்பது E4 BD A0. அடுத்த எழுத்து 好 இதே முறையில் E5 A5 BD.

ஆக, நண்பர் அனுப்பிய கோப்பில் இருந்தவை இந்த ஆறு பைட்டுகள்:

```
E4 BD A0 | E5 A5 BD      你 好
E4 BD | A0 E5 | A5 BD    浣 犲 ソ
```

முதல் வரி அவர் எழுதியது, மும்மூன்றாகப் பிரித்தது. இரண்டாவது வரி ஜிபிகே என்று எண்ணிப் படித்த மென்பொருள் பார்த்தது, இரண்டிரண்டாகப் பிரித்தது. ஜிபிகே அட்டவணையில் E4BD என்ற இடத்தில் 浣, A0E5-இல் 犲. A5 என்று தொடங்கும் வரிசையில் ஜிபி 2312 காலத்திலிருந்தே கதகானா எழுத்துகள் குடியிருக்கின்றன. சீனத் தரத்துக்குள் ஜப்பானிய எழுத்துக்கு இடம் ஒதுக்கியிருந்ததால்தான் அந்த 'ஸோ' அங்கே முளைத்தது. இரண்டு எழுத்து மூன்றானதற்கும் காரணம் வெளிச்சம்: ஆறு பைட்டை மூன்றால் வகுத்தால் இரண்டு, இரண்டால் வகுத்தால் மூன்று.

இப்படிக் குழம்பிய பக்கங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு முகக்குறி பழகிவிடும். சீன உரையில் மிக அதிகம் வரும் எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். 的 என்பது 鐨 என்று தொடங்கும். 是 என்பது 鏄, 在 என்பது 鍦, 我 என்பது 鎴. வாக்கிய முற்றுப்புள்ளி 銆 ஆகும், காற்புள்ளி 锛 ஆகும். இவை அனைத்தின் இடப்பக்கத்தையும் பாருங்கள். எல்லாவற்றிலும் உலோகத்தைக் குறிக்கும் ஒரே உறுப்பு நிற்கிறது. இது தற்செயல் அன்று. யூடிஎஃப்-8-இல் அடிப்படைச் சீன எழுத்துகள் எல்லாமே E4 முதல் E9 வரையுள்ள ஆறே தலைப் பைட்டுகளில் தொடங்குகின்றன. ஜிபிகே அட்டவணையில் அந்த வரிசைகளின் முன்பகுதியில், பழைய தரத்தில் இடம் கிடைக்காத எழுத்துகளை யூனிகோட் வரிசையிலேயே அடுக்கி வைத்தார்கள். அந்த அடுக்கில் உலோக உறுப்பு கொண்ட அரிய எழுத்துகள் ஒரு பெரிய கூட்டமாக அங்கே வந்து சேர்ந்தன. அதனால் ஒரு பக்கத்தைத் தூரத்தில் நின்று பார்த்தாலே, உலோக உறுப்பு மண்டிக்கிடந்தால், யூடிஎஃப்-8 உரையை ஜிபிகேயாகப் படித்திருக்கிறார்கள் என்று துணிந்து சொல்லிவிடலாம். சீனம் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

தமிழுக்கும் இதே கதிதான். தகரத்தின் பைட்டுகள் E0 AE A4. அடுத்து இன்னொரு தமிழ் எழுத்து வந்தால் அதுவும் E0 என்றே தொடங்கும். ஜிபிகே கண்ணில் E0AE என்பது 喈, A4E0 என்பது ஹிரகானாவின் む. தமிழ்ப் பெயருள்ள கோப்பொன்றைச் சீன விண்டோஸில் திறந்து 喈 என்ற எழுத்து திரும்பத் திரும்ப வருவதைக் கண்டவர்களுக்கு விளக்கம் இதுவே.

மேற்கண்ட வகையை மீட்பது எளிது. தவறான அட்டவணை வழியே பின்னோக்கி நடந்து பைட்டுகளைப் பெற்று, சரியான அட்டவணையால் படிக்கவேண்டும். பைத்தானில் ஒரே வரி:

```python
print("浣犲ソ".encode("gbk").decode("utf-8"))
```

திரையில் 你好 வந்துவிடும். மூன்று எழுத்துக்கும் ஜிபிகேயில் இடம் இருந்தது, ஒரு பைட்டும் சிந்தவில்லை, ஆகவே திரும்பி வரமுடிந்தது.

இனி எதிர்த்திசை. கோப்பு ஜிபிகேயில் இருக்கிறது, படிக்கும் மென்பொருள் யூடிஎஃப்-8 என்று எண்ணுகிறது. 中文 என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன், 'சீன மொழி' என்று பொருள். ஜிபிகேயில் அது D6 D0 CE C4. யூடிஎஃப்-8 விதிப்படி D6 என்பது இரண்டு பைட் எழுத்தின் தலை. அடுத்து 10 என்று தொடங்கும் பைட் வரவேண்டும். வருவதோ D0, அதுவும் ஒரு தலை. விதி உடைந்தது. மென்பொருள் D6-ஐத் தூக்கி எறிந்துவிட்டு அதன் இடத்தில் ஒரு மாற்றுக்குறியை வைக்கிறது. கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி போட்ட அந்த � தான் அது. அடுத்து D0-க்கும் இதே கதி, CE-க்கும் இதே கதி. C4-க்குப் பின்னால் எதுவுமே இல்லை, அதற்கும் இதே கதி. நான்கு பைட்டுக்கு நான்கு சாய்சதுரம்.

இந்த நிலையில் கோப்பை மூடிவிட்டால் பிழைத்தீர்கள். வட்டில் D6 D0 CE C4 அப்படியே இருக்கிறது. சேமித்தால் நிலைமை மாறிவிடும். மாற்றுக்குறிக்கும் யூனிகோடில் ஒரு குறியெண் உண்டு, U+FFFD. அதன் யூடிஎஃப்-8 வடிவம் EF BF BD. இப்போது வட்டில் எழுதப்படுவது EF BF BD என்பது நான்கு முறை. D6 எது, D0 எது என்ற தகவல் எங்கேயும் இல்லை. எந்த எழுத்தாக இருந்தாலும் இதே மூன்று பைட்டுதான் வந்திருக்கும்.

அந்தக் கோப்பு மறுபடியும் ஜிபிகே மட்டும் தெரிந்த மென்பொருளிடம் போகிறது என்று வையுங்கள். அது இரண்டிரண்டாகப் பிரிக்கிறது:

```
EF BF | BD EF | BF BD | EF BF | BD EF | BF BD
  锟      斤      拷      锟      斤      拷
```

锟斤拷, 'குன் ஜின் காவ்'. சீனக் கணினிப் பயனாளர்கள் அனைவரும் அறிந்த மூன்றெழுத்து இது. கடை ரசீதுகளிலும் அச்சிட்ட அறிவிப்புகளிலும்கூட இது தலைகாட்டியிருக்கிறது. சிரித்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதைக் காணும்போதெல்லாம் மனம் கனக்கிறது. ஏனென்றால் இந்த மூன்றெழுத்து நிற்கும் இடத்தில் யாரோ ஒருவருடைய பெயரோ முகவரியோ இருந்தது, அது இனி இந்தக் கோப்பிலிருந்து வராது. இரண்டு முறை தவறு நடந்திருக்கிறது, முதல் தவறிலேயே எல்லாம் போய்விட்டது. இதை மீட்டுத் தருவதாகச் சொல்லும் எந்தக் கருவியையும் நம்பாதீர்கள். பழைய பிரதி எங்கேயாவது இருக்கிறதா என்று தேடுவதுதான் வழி.

இரண்டு திசைக்கும் இவ்வளவு வேறுபாடு ஏன் என்று கேட்கலாம். ஜிபிகே எதையும் ஏற்றுக்கொள்ளும் அட்டவணை. கிட்டத்தட்ட எந்த இரண்டு பைட்டுக்கும் அதனிடம் ஓர் எழுத்து உண்டு. அதனால் தவறான உரையையும் மறுப்பின்றி எழுத்தாக மாற்றிவிடுகிறது, தகவல் உள்ளேயே ஒளிந்து பிழைக்கிறது. யூடிஎஃப்-8 கண்டிப்பானது. விதிக்கு ஒவ்வாததை ஏற்காது. அந்தக் கண்டிப்பால் பிழை உடனே கண்ணில் படுகிறது, ஆனால் ஏற்காததைக் குப்பையில் போட்டுவிட்டுச் சேமிக்கும் மென்பொருளிடம் உரை அழிகிறது. குறை யூடிஎஃப்-8-இல் இல்லை என்பது என் முடிவு. பிழை கண்ட இடத்தில் நின்று பயனாளரைக் கேட்காமல், மாற்றுக்குறியைப் போட்டுச் சேமிக்கவும் அனுமதிக்கும் மென்பொருளில்தான் குறை.

இரண்டாவது பைட் 40 வரை இறங்கலாம் என்ற விட்டுக்கொடுப்பின் விலையைக் காட்டுவதாகச் சொன்னேன். விண்டோஸ் மென்பொருள்கள் சில, யூடிஎஃப்-8 கோப்பின் தலையில் EF BB BF என்று மூன்று பைட்டை அடையாளத்துக்காக வைக்கும். கண்ணுக்குத் தெரியாத குறி அது. அப்படித் தொடங்கும் நிரல் ஒன்றின் முதல் சொல் `import` என்று வைத்துக்கொள்வோம். ஜிபிகேயாகப் படித்தால் EFBB என்பது 锘 ஆகிறது. மிச்சம் நிற்கும் BF துணை தேடுகிறது. அடுத்து நிற்பது ஆங்கில i, அதாவது 69. ஜிபிகே விதிப்படி அது செல்லத்தக்க இரண்டாவது பைட். இரண்டும் சேர்ந்து 縤 ஆகிவிடுகிறது. திரையில் வருவது:

```
锘縤mport
```

ஆங்கில எழுத்து ஒன்று காணாமல் போய்விட்டது. கீழ்ப்பாதி எல்லோருக்கும் பொது, அங்கே மோதல் வராது என்று 1980-இல் கட்டிய வேலி இங்கே உடைந்திருக்கிறது. யூடிஎஃப்-8-இல் இப்படி நேரவே முடியாது. அங்கே கீழ்ப்பாதிப் பைட் எப்போதும் தனி எழுத்துதான். ஒரு பைட் கெட்டால் அந்த ஓர் எழுத்தோடு சேதம் நின்றுவிடும், அடுத்த தலைப் பைட்டில் வாசிப்பு சீராகிவிடும். ஜிபிகேயில் ஒரு பைட் தவறினால் அதற்குப் பின்னுள்ள இணைகள் எல்லாம் ஒரு பைட் தள்ளி விழும். ஆங்கில எழுத்தோ வரிமுறிவோ வந்து நிறுத்தும் வரை தப்பு ஓடிக்கொண்டே இருக்கும்.

அட்டவணையின் பெயர் கோப்பில் இல்லை என்றால், மென்பொருள் எப்படி ஊகிக்கிறது? யூடிஎஃப்-8-இன் கண்டிப்பு இங்கே உதவுகிறது. முதலில் யூடிஎஃப்-8 விதிகளால் சோதித்துப் பார்ப்பது. ஓரிடத்தில்கூட விதி உடையாமல் கோப்பு முழுவதும் தேறினால், அது யூடிஎஃப்-8 என்றே கொள்ளலாம். ஜிபிகேயில் எழுதிய ஒரு முழுப்பக்கச் சீன உரை இந்தச் சோதனையில் தற்செயலாகத் தேறுவது நடக்காத காரியம்.

உரை சிறிதாக இருந்தால் மட்டும் இந்தச் சோதனை ஏமாறும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து நோட்பேடில் 联通 என்ற இரண்டெழுத்தை மட்டும் எழுதிச் சேமித்து, மறுபடி திறந்தால் அவை மறைந்துபோகும். சீனாவின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றின் பெயர் அது என்பதால், வேண்டுமென்றே செய்த சூழ்ச்சி என்றுகூட அப்போது பேசிக்கொண்டார்கள். காரணம் பிட்டுகளில் இருக்கிறது. ஜிபிகேயில் அந்தச் சொல் C1 AA CD A8:

```
11000001 10101010   联
11001101 10101000   通
```

110 என்று ஒரு தலை, 10 என்று ஒரு தொடர்ச்சி, மறுபடி 110, மறுபடி 10. யூடிஎஃப்-8-இன் இரண்டு பைட் சாயலில் கச்சிதமாக விழுந்திருக்கிறது. நோட்பேட் யூடிஎஃப்-8 என்று முடிவுகட்டிவிட்டது. கூர்ந்து பார்த்திருந்தால் இந்த ஏமாற்றத்தைத் தவிர்த்திருக்கலாம். C1 AA என்பதை விரித்தால் 6A, அதாவது ஆங்கில j கிடைக்கிறது. ஒரே பைட்டில் எழுதவேண்டியதை இரண்டு பைட்டில் எழுதுவதை யூடிஎஃப்-8 விதி தடை செய்கிறது. C1 என்ற பைட் செல்லத்தக்க யூடிஎஃப்-8-இல் எங்கேயும் வராது. அந்த நோட்பேட் சாயலை மட்டும் பார்த்தது, தடையைச் சோதிக்கவில்லை. கூடவே இன்னும் நான்கைந்து சொல் எழுதியிருந்தாலும் ஊகம் சரியாகியிருக்கும்.

பழைய சீனக் கோப்புகளைக் கையாளும் ஆய்வு மாணவர்கள் சிலர் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களுக்காகச் செய்முறை கொஞ்சம் சொல்கிறேன். மூலக் கோப்பைத் தொடாதீர்கள், பிரதியில் வேலை செய்யுங்கள். பிறகு திரையில் வருவதன் சாயலைப் பாருங்கள். ÖÐÎÄ போல ஐரோப்பிய எழுத்துகள் இரண்டிரண்டாக வந்தால், அது ஜிபிகே உரை, மேற்கு ஐரோப்பிய அட்டவணையால் படிக்கப்பட்டிருக்கிறது. அங்கே காண்பவை நாம் முன்பு பார்த்த அதே D6 D0 CE C4 தான். ä என்றும் å என்றும் è என்றும் அடிக்கடி தொடங்கும் மூன்று மூன்று குறிகளாக வந்தால், அது யூடிஎஃப்-8 உரை, அதே ஐரோப்பிய அட்டவணையால் படிக்கப்பட்டது. இரண்டையும் மீட்கலாம். உலோக உறுப்பு மண்டியிருந்தால் என்ன என்று முன்பே சொல்லிவிட்டேன். சாய்சதுரங்கள் தெரிந்தால் கோப்பு பிழைத்திருக்கிறதா என்பது, அவை திரையில் மட்டும் இருக்கின்றனவா, பைட்டுகளிலேயே EF BF BD என்று ஏறிவிட்டனவா என்பதைப் பொறுத்தது. பதினாறடிமானத்தில் காட்டும் கருவி எதிலாவது கோப்பைத் திறந்து பார்த்தால் நொடியில் தெரியும்.

மூலம் ஜிபிகே என்று உறுதியானால் மாற்றுவதற்கு ஒரே கட்டளை போதும்:

```
iconv -f GB18030 -t UTF-8 palaya.txt > puthiya.txt
```

GBK என்று எழுதாமல் GB18030 என்று எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. 2000-இல் சீன அரசு வெளியிட்ட ஜிபி 18030, ஜிபிகேயின் இரண்டு பைட் எழுத்துகளோடு நான்கு பைட் வடிவங்களையும் சேர்த்து, யூனிகோடின் எந்தக் குறியெண்ணையும் எழுதக்கூடியதாக விரிந்தது. 2022-இலும் அதைப் புதுப்பித்திருக்கிறார்கள். பழைய ஜிபி 2312 கோப்பு, ஜிபிகே கோப்பு இரண்டையுமே அதைக்கொண்டு படிக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. தலைப்பில் gb2312 என்று எழுதியிருக்கும் கோப்புகளிலும் மின்னஞ்சல்களிலும் 镕 போல ஜிபிகே எழுத்துகள் தாராளமாகக் கலந்திருக்கும். ஒட்டியிருக்கும் சீட்டை அப்படியே நம்பிக் கறாரான ஜிபி 2312 ஆகப் படித்தால், அந்த எழுத்து வரும் இடத்தில் மாற்றம் நின்றுபோகும். உலாவிகளே gb2312 என்ற பெயரைக் கண்டால் ஜிபிகே என்றே எடுத்துக்கொள்கின்றன.

அரைகுறையாகச் சிதைந்த கோப்பைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நடைமுறையில் அதிகம் வருவது அதுதான். 你好 என்ற இரண்டு எழுத்துக்குப் பதில் 你好吗, 'நலமா' என்ற மூன்று எழுத்து இருந்ததாக வைப்போம். யூடிஎஃப்-8-இல் ஒன்பது பைட். ஜிபிகே இரண்டிரண்டாக எடுத்தால் கடைசியில் ஒரு பைட் துணையின்றி நிற்கும்:

```
E4 BD | A0 E5 | A5 BD | E5 90 | 97
  浣      犲      ソ      鍚     ?
```

சேமித்ததும் அந்த 97 போய்விட்டது, கேள்விக்குறி மட்டும் மிஞ்சியது. எழுத்துகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கும் ஒவ்வொரு சீனத் தொடரின் கடைசியிலும் இப்படி ஓர் எழுத்து காயப்படும். முன் சொன்ன பைத்தான் வரியை அப்படியே ஓட்டினால் மூன்றாவது எழுத்தில் முட்டிப் பிழை காட்டி நின்றுவிடும்; `decode("utf-8", errors="replace")` என்று மாற்றி ஓட்டினால் 你好 சரியாக வரும், மூன்றாவது எழுத்தின் இடத்தில் மாற்றுக்குறி நிற்கும். அதற்காகக் கோப்பைக் கைவிடவேண்டியதில்லை. E5 90 என்ற இரண்டு பைட் கையில் இருக்கிறது. காணாமல் போனது தொடரும் பைட் என்பதால் 80-இலிருந்து BF வரை 64 மதிப்புகளில் ஒன்றாகத்தான் இருக்கமுடியும். அதாவது விடை U+5400 முதல் U+543F வரையுள்ள 64 எழுத்துகளுக்குள் அடங்கிவிட்டது. உண்பது என்ற 吃 அங்கே இருக்கிறது, பெயர் என்ற 名, திசையைக் குறிக்கும் 向, கேட்பது என்ற 听, கேள்வியை முடிக்கும் 吗 எல்லாம் அந்த வரிசையில்தான். 你好 என்பதற்குப் பின்னால், வாக்கியத்தின் கடைசியில் இவற்றுள் எது நிற்கும் என்பதைச் சீனம் படித்த எவரும் தயங்காமல் சொல்லிவிடுவார். அந்த ஒரு எழுத்தைக் கையால் இட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம்.